கம்பியும் வரிச்சுருளும்: காந்தப்புலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வக மேசையில் கம்பி, சுருள், திசைகாட்டி மூன்றையும் வைத்தால் போதும், எந்தக் குழு வந்தாலும் ஏறத்தாழ இதே சந்தேகங்கள்தான் எழுகின்றன. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தபின் எழுதி வைத்துவிட்டேன். வரிச்சுருள் பற்றிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் ஒரே சுருளைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்: நீளம் 15 செ.மீ, ஆரம் 2 செ.மீ, ஒரே அடுக்கில் 300 சுற்றுகள், மின்னோட்டம் 2 ஆம்பியர். எண்கள் மாறாமல் இருந்தால்தான் ஒரு பதிலை இன்னொன்றோடு ஒப்பிட முடியும்.

1. மின்னோட்டம் பாயும்போது செம்புக் கம்பி காந்தமாகிவிடுகிறதா? அதற்கு வட துருவம் எந்தப் பக்கம்?

செம்பு காந்தமாவதில்லை. கம்பியைச் சுற்றியுள்ள வெளியில் ஒரு காந்தப்புலம் உண்டாகிறது, அவ்வளவுதான். அந்தப் புலத்தை உண்டாக்குவது மின்னூட்டங்களின் ஓட்டம். உலோகம் எது என்பது பொருட்டல்ல. அலுமினியத்தில் அதே 5 ஆம்பியர் ஓடினாலும் வெளியே அதே புலம்தான். ஓட்டத்தை நிறுத்தினால் புலமும் போய்விடும்.

நேர்கம்பிக்குத் துருவம் கிடையாது. சட்டக் காந்தத்தில் புலக்கோடுகள் ஒரு முனையில் வெளிவந்து மறுமுனையில் உள்ளே போவதால் முனைகளுக்குப் பெயர் வைக்கிறோம். நேர்கம்பியைச் சுற்றி அவை கம்பியையே மையமாகக் கொண்ட வட்டங்கள். எங்கிருந்தும் கிளம்பவில்லை, எங்கும் போய்ச் சேரவுமில்லை. 1820இல் ஓர்ஸ்டெட் மின்னோட்டம் பாயும் கம்பிக்கு அருகே திசைகாட்டி வைத்தபோது வியப்பை உண்டாக்கியது இதுதான்: ஊசி கம்பியை நோக்கி இழுக்கப்படவில்லை, கம்பிக்குக் குறுக்காகத் திரும்பியது.

2. வலக்கை விதியில் கட்டைவிரல் சில சமயம் மின்னோட்டம், சில சமயம் புலம் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. எது வளைந்திருக்கிறதோ அதை வளைந்த விரல்களுக்குக் கொடுங்கள். எது நேராக இருக்கிறதோ அதைக் கட்டைவிரலுக்குக் கொடுங்கள். நேர்கம்பியில் மின்னோட்டம் நேர், புலம் வட்டம். ஆகவே கட்டைவிரல் மின்னோட்டம், மற்ற விரல்கள் புலம். சுருளில் மின்னோட்டம் வட்டமாக ஓடுகிறது, உள்ளே புலம் நேராகப் போகிறது. ஆகவே விரல்கள் மின்னோட்டம், கட்டைவிரல் புலம். கை இரண்டிலும் வலது கைதான்.

தவறு பெரும்பாலும் மூன்று இடங்களில் நேர்கிறது. பேனாவை வலது கையில் பிடித்துக்கொண்டு அவசரத்தில் இடது கையை மடக்கிப் பார்ப்பது முதலாவது; தேர்வறையில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எலக்ட்ரான் போகும் திசையை மின்னோட்டத்தின் திசையாக எடுப்பது இரண்டாவது. விதி மரபு மின்னோட்டத்துக்கு, அதாவது நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு. புலத்தில் வைத்த கம்பியின்மீது செயல்படும் விசையைக் காட்டும் இடக்கை விதியை இங்கே கொண்டுவந்து கலப்பது மூன்றாவது. இங்கே நாம் கேட்பது கம்பி உண்டாக்கும் புலத்தை. கம்பிமேல் செயல்படும் விசையை அல்ல.

சுருளுக்கு இன்னொரு எச்சரிக்கை. மின்னோட்டம் எந்த முனையில் நுழைகிறது என்பது மட்டும் தெரிந்தால் திசையைச் சொல்ல முடியாது; கம்பி எந்தப் பக்கமாகச் சுற்றப்பட்டிருக்கிறது என்பதையும் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு முனைக்கு நேராக நின்று பார்க்கும்போது மின்னோட்டம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் அந்த முனை வட துருவம்.

3. 5 ஆம்பியர் என்றால் உண்மையில் எவ்வளவு புலம்? திசைகாட்டி நன்றாகத் திரும்புமா?

நீண்ட நேர்கம்பிக்கான சூத்திரம்:

B = μ₀I / 2πr

μ₀ என்பது வெற்றிடத்தின் உட்புகுதிறன், 4π × 10⁻⁷. காற்றுக்கும் இதையே பயன்படுத்தலாம். கம்பியிலிருந்து 2 செ.மீ தொலைவில் 5 ஆம்பியருக்குக் கிடைப்பது 5 × 10⁻⁵ டெஸ்லா, அதாவது 50 மைக்ரோடெஸ்லா. பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் ஏறத்தாழ 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருப்பதால், நம் கம்பி அதோடு சரிக்குச் சரி நிற்கிறது.

கம்பியை வடக்கு தெற்காக நீட்டி, மின்னோட்டம் வடக்கு நோக்கிப் பாயட்டும். திசைகாட்டி அதற்கு நேர்கீழே 2 செ.மீ ஆழத்தில் இருக்கட்டும். வலது கட்டைவிரலை வடக்கே காட்டி விரல்களை மடக்கிப் பாருங்கள்: கம்பிக்குக் கீழே புலம் மேற்கு நோக்கியும் மேலே கிழக்கு நோக்கியும் இருக்கும். அந்த இடத்தில் பூமிப் புலத்தின் கிடைத்தளக் கூறு 40 மைக்ரோடெஸ்லா என்று வைத்துக்கொண்டால், ஊசி வடக்கிலிருந்து மேற்கே சாயும் கோணத்தின் டேன்ஜென்ட் 50/40 = 1.25, கோணம் சுமார் 51 பாகை. 90 பாகை திரும்பவில்லையே, சோதனை தவறா என்று கேட்பவர்கள் உண்டு. பூமியும் ஊசியை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

4. சுற்று விதி என்பது என்ன? அதிலிருந்து அந்தச் சூத்திரம் எப்படி வந்தது?

கம்பியைச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் ஒரு பாதையைக் கற்பனை செய்யுங்கள். அதில் சிறு சிறு அடிகளாக நடந்து போங்கள். ஒவ்வோர் அடியிலும், புலத்தில் எவ்வளவு பங்கு நடக்கும் திசையில் இருக்கிறதோ அதை மட்டும் எடுத்து, அடியின் நீளத்தால் பெருக்குங்கள். புலம் எதிரே வந்தால் கழித்துக்கொள்ளுங்கள். முழுச் சுற்றும் முடிந்ததும் கிடைக்கும் கூட்டுத்தொகை, அந்தப் பாதை வளைத்துக்கொண்ட மொத்த மின்னோட்டத்தை μ₀ஆல் பெருக்கியதற்குச் சமம்.

∮ B · dl = μ₀I

மின்னோட்டத்துக்கு நேர், எதிர்க் குறி வைப்பதற்கும் அதே வலது கைதான்: விரல்களை நடக்கும் திசையில் மடக்கினால், கட்டைவிரல் காட்டும் பக்கமாகப் பாயும் மின்னோட்டம் நேர்க்குறி. ஆம்பியரின் பெயரால் வழங்கினாலும், விதியை இந்த வடிவத்தில் எழுதியவர் மேக்ஸ்வெல். ஆம்பியர் முக்கியமாக ஆராய்ந்தது மின்னோட்டங்களுக்கு இடையிலான விசையை.

நீண்ட நேர்கம்பியைச் சுற்றி r ஆரமுள்ள வட்டத்தில் நடந்தால் எல்லாப் புள்ளியும் கம்பிக்குச் சமமான தொலைவில் இருப்பதால் B-யின் அளவு மாறாது. திசையும் எப்போதும் நடக்கும் திசையே. எனவே கூட்டுத்தொகை வெறும் B × 2πr. அதை μ₀I-க்குச் சமமாக்கினால் சூத்திரம் வந்துவிடுகிறது. இங்கே உண்மையில் வேலை செய்தது சமச்சீர்மைதான். B மாறாது என்று முன்கூட்டியே தெரிந்திருந்ததால்தான் அதைக் கூட்டலுக்கு வெளியே எடுக்க முடிந்தது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் 7ஆம் கேள்வி தானாகவே விடுபடும்.

5. பாதைக்குள் மின்னோட்டம் பூஜ்யம் என்றால் அந்தப் பாதையில் புலமும் பூஜ்யம்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் மிக அதிகமாகக் கேட்கப்பட்டதும் மிக அதிகமாகத் தவறாகச் சொல்லப்படுவதும் இதுதான். பூஜ்யமாவது சுற்றின் மொத்தக் கூட்டுத்தொகை. ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள புலம் அல்ல. கம்பிக்குப் பக்கத்தில், அதை வளைக்காமல், ஒரு சிறு வட்டம் போடுங்கள். வட்டத்தின் எல்லாப் புள்ளியிலும் புலம் இருக்கிறது. கம்பியை ஒட்டிய பாதியில் அது நடைக்குத் துணையாக இருந்தால், மறுபாதியில் எதிராக இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று சரியாக அடித்துவிடுகின்றன. வெளியே உள்ள மின்னோட்டமும் B-யில் பங்கு கொள்கிறது. கூட்டுத்தொகையில் மட்டும் அதன் பங்கு மிஞ்சுவதில்லை.

கம்பியை வெட்டாமல், தாடையால் வளைத்தே மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் கையில் இருந்தால் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். அதன் தாடை, சுற்று விதியின் மூடிய பாதையை இரும்பில் செய்து வைத்ததுபோல. ஒரு சாதனத்துக்குப் போகும் கம்பியை மட்டும் அதற்குள் விட்டால் 5 ஆம்பியர் காட்டும். போகும் கம்பி, திரும்பும் கம்பி இரண்டும் சேர்ந்த கேபிளை அப்படியே விட்டால் பூஜ்யம் காட்டும். மீட்டர் பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். +5, −5 என்று இரண்டையும் வளைத்திருக்கிறது, கூட்டினால் பூஜ்யம். ஆனால் அந்த இரு கம்பிகளுக்கும் நடுவில் உள்ள சிறு இடைவெளியில் இரண்டின் புலங்களும் ஒரே திசையில் சேர்ந்து வலுவாகவே இருக்கின்றன.

6. கம்பிக்கு மிக அருகே போனால் r பூஜ்யமாகி, புலம் முடிவிலி ஆகிவிடாதா?

கம்பிக்குத் தடிமன் இருப்பதால் ஆகாது. பரப்பைத் தாண்டி உள்ளே போனதும் நம் வட்டம் முழு மின்னோட்டத்தையும் வளைப்பதில்லை. மின்னோட்டம் குறுக்குவெட்டு முழுவதும் சீராகப் பரவியிருந்தால், R ஆரமுள்ள கம்பிக்குள் r ஆரமுள்ள வட்டம் வளைப்பது r²/R² பங்கு மட்டுமே. எனவே உள்ளே B = μ₀Ir / 2πR². மையத்தில் பூஜ்யத்தில் தொடங்கி, பரப்புவரை நேர்விகிதத்தில் ஏறி, வெளியே 1/r என்று இறங்குகிறது.

1 மி.மீ ஆரமுள்ள கம்பியில் 10 ஆம்பியர் என்றால் பரப்பில் 2 மில்லிடெஸ்லா. அதுதான் உச்சம். உள்ளே அரை மி.மீ ஆழத்திலும் வெளியே மையத்திலிருந்து 2 மி.மீ தொலைவிலும் ஒரே 1 மில்லிடெஸ்லாதான். மின்னோட்டம் சீராகப் பரவும் என்ற நிபந்தனை நேர்மின்னோட்டத்துக்குப் பொருந்தும். அதிர்வெண் உயர்ந்த மாறுமின்னோட்டம் பரப்பை ஒட்டியே ஓட விரும்பும், அப்போது உட்புறக் கணக்கு மாறிவிடும். வெளிப்புறச் சூத்திரம் அப்படியே நிற்கும்.

7. என்னிடம் இருப்பது 20 செ.மீ கம்பி. அதைச் சுற்றியும் வட்டம் போடலாமே, சூத்திரம் ஏன் பொருந்தவில்லை?

20 செ.மீ துண்டின் நடுப்பகுதியில், கம்பியிலிருந்து 10 செ.மீ தொலைவில், கம்பியின் ஒவ்வொரு சிறு துண்டும் தரும் புலத்தைக் கூட்டிப் பார்க்கும் பயட்-சாவர்ட் விதிப்படி கணக்கிட்டால், நீண்ட கம்பிக்கான மதிப்பில் 0.707 பங்குதான் வரும். 5 ஆம்பியருக்கு 10 மைக்ரோடெஸ்லா எதிர்பார்த்த இடத்தில் 7.07. வட்டத்தில் புலம் மாறாமல்தான் இருக்கிறது, வட்டம் 5 ஆம்பியரை வளைத்துமிருக்கிறது. பிறகு எங்கே பிசகு?

20 செ.மீ துண்டில் மட்டும் மின்னோட்டம் நிலையாக ஓட முடியாது என்பதில்தான். மின்னோட்டம் எங்கோ இருந்து வந்து எங்கோ திரும்பிப் போக வேண்டும். அந்த மீதிக் கம்பிகளும் வட்டத்தின்மேல் புலத்தை உண்டாக்குகின்றன. அவற்றையும் சேர்த்தால் மொத்தக் கூட்டுத்தொகை சரியாக μ₀I ஆகிவிடும். ஆனால் அந்தக் கூடுதல் புலம் வட்டத்தில் எல்லா இடத்திலும் சமமாக இராது. 4ஆம் பதிலில் B-யை வெளியே எடுக்க உதவிய சமச்சீர்மை இங்கே இல்லை. விதி உண்மையாகத்தான் இருக்கிறது. விடை கண்டுபிடிக்க உதவாமல் போகிறது.

அந்தத் துண்டை 20 செ.மீ பக்கமுள்ள சதுரத்தின் ஒரு பக்கமாக எடுத்துக்கொண்டால் பார்க்கத் தெளிவாக இருக்கும். மையம் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் 10 செ.மீ. நான்கு பக்கமும் தலா 7.07 மைக்ரோடெஸ்லா, எல்லாம் ஒரே திசையில், மொத்தம் 28.3. இதைச் சுற்று விதியை மட்டும் வைத்துக்கொண்டு பெற வழியில்லை. இங்கே பயட்-சாவர்ட்தான் துணை.

8. வரிச்சுருளுக்குள் எந்தப் பாதையைப் போடுவது? வட்டமா?

செவ்வகம். சுருளின் சுவரைக் குறுக்கே வெட்டுமாறு, ஒரு நீளப்பக்கம் உள்ளேயும் மறுநீளப்பக்கம் வெளியேயும் இருக்க வேண்டும். இரண்டும் அச்சுக்கு இணை. நீளம் h என்று கொள்வோம். முதலில் மிக நீண்ட, நெருக்கமாகச் சுற்றிய சுருளை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ளே புலம் அச்சுக்கு இணை, வெளியே பூஜ்யம் (ஏன் என்பது அடுத்த கேள்வி). குறுக்குப் பக்கங்களில் புலம் நடைக்குச் செங்குத்து, ஆகவே பங்களிப்பு இல்லை. வெளிப்பக்கமும் ஒன்றும் தருவதில்லை. மிஞ்சுவது Bh மட்டும்.

இந்தச் செவ்வகத்தை எத்தனை கம்பிகள் துளைத்துப் போகின்றன? ஒரு மீட்டருக்கு n சுற்று என்றால் nh கம்பிகள். ஒவ்வொன்றிலும் அதே I. எனவே Bh = μ₀nhI, அதாவது B = μ₀nI. நம் சுருளில் 0.15 மீட்டரில் 300 சுற்று, n = 2000. மின்னோட்டம் 2 ஆம்பியர். B = 5.03 மில்லிடெஸ்லா.

செவ்வகத்தின் உள்பக்கத்தை அச்சின்மேல் வைத்தேனா, சுவரை ஒட்டி வைத்தேனா என்று நான் சொல்லவே இல்லை. எங்கே வைத்தாலும் அதே விடைதான். நீண்ட சுருளுக்குள் புலம் எங்கும் சீராக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான நிரூபணம் எனக்குத் தெரியாது.

9. உள்ளே போகும் புலக்கோடு வெளியே வந்து திரும்பத்தானே வேண்டும்? வெளியே பூஜ்யம் என்பது எப்படி?

திரும்பத்தான் வேண்டும். முடிவில்லாத நீளம் என்ற கற்பனையில் மட்டுமே வெளிப்புறம் பூஜ்யம். அங்கே முழுவதும் வெளியிலேயே ஒரு செவ்வகத்தை வைத்தால் அது எந்தக் கம்பியையும் வளைக்காது. எனவே அருகில் உள்ள பக்கத்திலும் தொலைவில் உள்ள பக்கத்திலும் புலம் சமமாக இருக்க வேண்டும். வெகுதொலைவில் பூஜ்யம் என்றால் அருகிலும் பூஜ்யம்.

உண்மைச் சுருளில் உள்ளே நெருங்கிச் செல்லும் அதே கோடுகள் வெளியே எல்லையற்ற இடத்தில் அகலப் பரவித் திரும்புகின்றன. பரவலாக இருப்பதால் வலு குறைவு, திசை தலைகீழ். நம் சுருளின் நடுப்பகுதிக்குப் பக்கவாட்டில், அச்சிலிருந்து 4 செ.மீ தொலைவில், சுமார் 0.12 மில்லிடெஸ்லா இருக்கும். உள்ளே இருப்பதில் 2 அல்லது 3 விழுக்காடு. திசைகாட்டிக்கு அது சிறிதல்ல. பூமிப் புலத்தைப்போல ஏறத்தாழ இருமடங்கு. "வெளியே பூஜ்யம் என்று படித்தேன், ஊசி ஏன் ஆடுகிறது" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

10. சூத்திரத்தில் ஆரமே இல்லை. ஆனால் நான் அளந்தபோது 5.03 வரவில்லை, 4.86தான் வந்தது. உணரி தவறா?

உணரி சரி, உங்கள் சுருள்தான் முடிவில்லாதது அல்ல. நடுவில் நின்று பார்த்தால் 15 செ.மீ சுருளின் இரு வாய்களும் தெரிகின்றன. அந்த வாய்களுக்கு அப்பால் சுற்றுகள் இல்லாததால் அவை தந்திருக்க வேண்டிய புலமும் இல்லை. திருத்தக் காரணி, பாதி நீளத்தை நடுவிலிருந்து வாயின் விளிம்புக்கு உள்ள தொலைவால் வகுத்தது: 7.5 / √(7.5² + 2²) = 0.966. 5.03ஐ இதனால் பெருக்கினால் 4.86. ஆரம் இப்படித்தான் உள்ளே வருகிறது. நீளம் ஆரத்தைப்போலப் பல மடங்கு இருந்தால் காரணி 1ஐ நெருங்கிவிடும், ஆரம் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

அப்படியானால் சுற்று விதி பொய்த்துவிட்டதா என்றால், இல்லை. அதைப் பார்ப்பது ஒரு தனி மகிழ்ச்சி. சுவரின் நடுப்பகுதியில், சுவரை ஒட்டி உள்ளேயும் வெளியேயும் மிக மெல்லிய செவ்வகம் ஒன்றைப் போடுங்கள். வெளிப்புறப் புலம் தலைகீழாக இருக்கிறது, வெளிப்பக்கத்தில் நம் நடையும் தலைகீழ். ஆகவே அது கூட்டலில் சேர்கிறது. உள்புலமும் வெளிப்புலமும் சேர்ந்து 5.03 ஆக வேண்டும். உள்ளே 4.86 என்றால் வெளியே சுவரை ஒட்டி ஏறத்தாழ 0.17 மில்லிடெஸ்லா எதிர்த்திசையில் இருந்தாக வேண்டும். உணரியைச் சுவரின் வெளிப்பக்கம் ஒட்டி வைத்துப் பாருங்கள், இருக்கும். உள்ளே குறைந்தது எங்கும் தொலைந்துவிடவில்லை, 9ஆம் பதிலில் சொன்ன திரும்பும் புலமாக வெளியே நிற்கிறது.

வாயின் நடுவில் அளந்தால் சுமார் 2.49, அதாவது பாதி. ஒரு நீண்ட சுருளை நடுவில் வெட்டினால், வெட்டிய இடத்துப் புலத்தை இரு பாதிகளும் சமமாகப் பகிர்ந்து கொடுத்திருந்தன என்பது தெரியும். ஒரு பாதியை எடுத்துவிட்டால் மறுபாதியின் பங்குதான் மிஞ்சும். உணரியைச் சற்றே வாய்ப்பக்கம் தள்ளி வைத்துவிட்டு "புலம் குறைவு" என்று எழுதுவது ஆய்வக ஏடுகளில் நான் அதிகம் கண்ட பிழை.

11. அதே நீளத்தில் சுற்றுகளை 600 ஆக்கினால் புலம் இருமடங்காகும், சரியா?

எதை மாறாமல் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மின்னோட்டத்தை 2 ஆம்பியரில் பிடித்து வைத்திருக்கும் மின்மூலம் என்றால், ஆம், இருமடங்கு. ஆனால் அதே மின்கலத்தோடு இணைத்தால் ஏமாற்றம்தான். அதே கம்பியில் இரண்டாம் அடுக்கும் சுற்றினால் கம்பியின் நீளம் இரட்டிக்கும், மின்தடை இரட்டிக்கும், மின்னோட்டம் பாதியாகும். n இருமடங்கு, I பாதி. nI மாறவே இல்லை. மேலடுக்கின் ஆரம் சற்றே பெரிது என்பதால் புலம் முன்பைவிட இம்மி குறையவும் கூடும்.

ஆனாலும் வீண் வேலை இல்லை. மின்னழுத்தம் அதே, மின்னோட்டம் பாதி என்பதால் வெப்பமாக வீணாகும் திறனும் பாதி. அதே புலம், பாதிச் சூடு. புலத்தை உயர்த்த வேண்டுமானால் தடித்த கம்பி போடுங்கள் அல்லது மின்னழுத்தத்தைக் கூட்டுங்கள். இரண்டிலும் கம்பி தாங்கும் சூடுதான் எல்லை.

12. இரும்புத் தண்டை உள்ளே விட்டால் 5 மில்லிடெஸ்லா ஆயிரக்கணக்கான மடங்கு கூடுமா?

மென்மையான இரும்பின் சார்பு உட்புகுதிறன் ஆயிரங்களில் இருக்கலாம். அதை நேராக 5 மில்லிடெஸ்லாவால் பெருக்கக் கூடாது. குட்டையான தண்டின் முனைகளில் தோன்றும் துருவங்கள் தண்டுக்குள்ளேயே எதிர்ப்புலத்தை உண்டாக்கிப் பெருக்கத்தை வெகுவாகக் குறைத்துவிடும். சுருளுக்கு இணையான நீளமுள்ள மெல்லிய தண்டுக்கே ஆதாயம் ஆயிரங்களில் வராது. மூடிய இரும்பு வளையத்தில் முனைகள் இல்லாததால் முழுப் பலனும் கிடைக்கும், ஆனால் அங்கும் 2 டெஸ்லாவை ஒட்டி இரும்பு தெவிட்டிவிடும்.

13. சுருள் உண்மையில் வட்டங்களின் அடுக்கல்ல, திருகு. மின்னோட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கும் போகிறதே, அதற்குப் புலம் இல்லையா?

இருக்கிறது. கேட்டவர் சுற்று விதியைப் புரிந்துகொண்டுவிட்டார் என்று இந்தக் கேள்வியே சொல்லிவிடும். சுருளை வெளியிலிருந்து வளைக்கும் பெரிய வட்டம் போடுங்கள். 300 சுற்றாக இருந்தாலும், அந்த வட்டத்தை மொத்தமாகக் கடந்துபோவது ஒரே ஒரு I. எனவே வெளியே, நேர்கம்பியைச் சுற்றி இருப்பதைப்போலவே, சுருளைச் சுற்றிச் சுழலும் μ₀I / 2πr அளவு புலம் உண்டு. 4 செ.மீ தொலைவில் 2 ஆம்பியருக்கு 10 மைக்ரோடெஸ்லா. உள்ளே அச்சைச் சுற்றி வட்டம் போட்டால் எதையும் வளைக்காது, ஆகவே இந்தச் சுழல் புலம் வெளியே மட்டும்தான்.

9ஆம் பதிலில் கண்ட 120 மைக்ரோடெஸ்லாவுக்குப் பக்கத்தில் இது சிறிது; திசையும் வேறு, அது அச்சுக்கு இணை, இது சுற்றுவட்டம். முதல் அடுக்கை இடமிருந்து வலமாகவும் இரண்டாவதை வலமிருந்து இடமாகவும் சுற்றி முடித்தால் மின்னோட்டம் தொடங்கிய முனைக்கே திரும்பிவிடும். வட்டம் வளைக்கும் நிகர மின்னோட்டம் பூஜ்யம்; சுழல் புலம் அடங்கிவிடும். கிளாம்ப் மீட்டருக்குள் விட்ட கேபிளின் கதைதான்.

14. 7ஆம் பதிலில் தனித் துண்டில் மின்னோட்டம் ஓடாது என்றீர்கள். இரு முனையிலும் உலோகக் குண்டு வைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு மின்னூட்டத்தை ஓடவிட்டால்?

ஓடும், குண்டுகள் நிரம்பும்வரை. அப்போது திரும்பும் கம்பி இல்லை, மீதிச் சுற்றும் இல்லை. கம்பியின் புலம் மட்டுமே; 0.707 அப்படியே நிற்கிறது. வட்டம் வளைத்தது I, கூட்டுத்தொகை 0.707 μ₀I. இங்கே ஆம்பியரின் சுற்று விதி உண்மையிலேயே போதாது.

மேக்ஸ்வெல் சேர்த்த இடப்பெயர்ச்சி மின்னோட்டம் இந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது. ஒரு குண்டில் நேர்மின்னூட்டமும் மற்றதில் எதிர்மின்னூட்டமும் சேரச் சேர, அவற்றுக்கிடையே மின்புலம் வளர்கிறது. மின்னோட்டம் போய்ச் சேரும் குண்டுதான் நேர்மின்னூட்டம் பெறுகிறது. ஆகவே அந்த மின்புலம் மின்னோட்டத்துக்கு எதிர்த்திசையில் நம் வட்டத்தின் பரப்பைத் துளைக்கிறது. அது வளரும் வீதத்தை மின்னோட்டமாகக் கணக்கிட்டால் நடுவில் 10 செ.மீ ஆரமுள்ள வட்டத்துக்கு −0.293 I வருகிறது. கம்பியில் ஓடும் I-யோடு சேர்த்தால் 0.707 I. பயட்-சாவர்ட் தந்த எண்ணும் இதுவும் ஒன்றுதான்.